ஒரே பலகையில் தமிழும் ஆங்கிலமும்: ஓசிஆர் எதை எப்படிப் படிக்கிறது?

பலகைதேடி | 4 பிப்ரவரி 2024, இரவு 9:12

கடைப் பலகைப் படங்களை டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலில் கொடுத்து எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தனித் தமிழ்ப் பலகை என்றால் சுமாராக வருகிறது. தனி ஆங்கிலம் என்றால் பிரச்சினையே இல்லை. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் ஆங்கிலம் சுத்தமாக வருகிறது, தமிழ் மட்டும் குப்பையாக வருகிறது. இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு பலகை. மேலே மஞ்சள் பின்னணியில் சிவப்பில் பெரிய தமிழ். நடுவில் நீலப் பட்டையில் வெள்ளை ஆங்கிலம். கீழே ஒரே வரியில் இரண்டும் கலந்து:

```
ஸ்ரீ வேலவன் மொபைல்ஸ்
SRI VELAVAN MOBILES
RECHARGE | XEROX எடுக்கப்படும் | A4 கலர் பிரிண்ட்
```

கொடுத்த கட்டளையும் வந்த பதிலும்:

```
tesseract board.jpg - -l eng+tam --psm 11

60f C6u606u60T GLDTemu60
SRI VELAVAN MOBILES
RECHARGE XEROX எடுககப்படும A4 &60ri LflflewiL
```

கடைசி வரியைப் பாருங்கள். 'எடுக்கப்படும்' தமிழாகவே வந்திருக்கிறது, இரண்டு புள்ளிகள் மட்டும் காணோம். அதற்கு இரண்டு சொல் தள்ளி இருக்கும் 'கலர்' ஏன் ஆங்கிலக் குப்பையாகிறது? ஒரே படம், ஒரே வெளிச்சம், ஒரே பெயின்ட். படத்தின் குறையா, தமிழ்க் கோப்பின் குறையா?

சும்மா வாசகன் | 4 பிப்ரவரி 2024, இரவு 9:40

மொழி வரிசைதான் காரணம். ஆங்கிலத்தை முதலில் போட்டிருக்கிறீர்கள். `-l tam+eng` என்று மாற்றிப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

பலகைதேடி | 4 பிப்ரவரி 2024, இரவு 10:25

மாற்றிப் பார்த்தேன். முதல் வரி உடனே தமிழாகிவிட்டது, 'மொபைல்ஸ்' என்பதில் மட்டும் ஒரு புள்ளி போயிருக்கிறது. ஆனால் இப்போது ஆங்கில வரி இப்படி வருகிறது:

```
581 VELAVAN MOBILES
```

பெரிய சொற்கள் தப்பித்துவிட்டன. மூன்றே எழுத்துள்ள சொல் எண்ணாகிவிட்டது. தமிழைச் சரிசெய்யப் போய் ஆங்கிலம் கெடுகிறது.

சும்மா வாசகன் | 4 பிப்ரவரி 2024, இரவு 10:31

என்னுடையது ரேஷன் கடை அறிவிப்பு. அதில் ஆங்கிலமே ஒன்றிரண்டு சொல்தான். அதனால் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

கூடல்நகர் | 5 பிப்ரவரி 2024, காலை 6:50

வரிசை முக்கியம்தான், ஆனால் வரிசையால் தீராது. இரண்டு மொழி கொடுத்தால் உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, முதலில் ஒரு மொழியின் மாடலிடம் காட்டும். அது சொன்ன பதில் போதுமான அளவு நன்றாக இருக்கிறது என்று பட்டால் அடுத்த மொழியிடம் கேட்பதே இல்லை. திருப்தி இல்லாவிட்டால்தான் இன்னொன்றிடம் கேட்டு, மதிப்பெண் அதிகமானதை எடுத்துக்கொள்ளும். அதோடு, முந்தைய சொல்லில் எந்த மொழி ஜெயித்ததோ அதைத்தான் அடுத்த சொல்லுக்கும் முதலில் முயலும். அதனால் ஒரு சொல்லின் தலைவிதி பக்கத்துச் சொல்லைப் பொறுத்தது. உங்கள் 'கலர்' எதற்குப் பின்னால் நிற்கிறது? 'A4'க்குப் பின்னால். 'A4' ஆங்கிலத்தில் ஜெயித்தது, 'கலர்' அந்த வாலில் மாட்டிக்கொண்டது.

இதைவிட அடிப்படையான சிக்கல் மதிப்பெண்ணில் இருக்கிறது. ஆங்கில மாடலுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எந்த வடிவத்தைக் காட்டினாலும் தனக்குத் தெரிந்த எழுத்துகளில் எது அதிகம் ஒத்துப்போகிறது என்றுதான் அது பார்க்கும். 'இது என் எழுத்தே இல்லை' என்று சொல்ல அதற்கு வழி கிடையாது. தமிழ் மாடலும் அப்படியே. அதற்கு எண்கள் தெரியும், அதனால் உங்கள் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை 581 என்று தைரியமாகச் சொல்கிறது. இரண்டும் தனித்தனியாகப் பயிற்சி பெற்றவை. இது கொடுக்கும் 80-ம் அது கொடுக்கும் 80-ம் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. அவற்றை ஒப்பிட்டு எழுத்தைத் தீர்மானிப்பதுதான் இங்கே தவறு.

உங்கள் குப்பை வரியை உற்றுப் பாருங்கள், அது குப்பையே இல்லை:

```
C6u606u60T
C = ே   6u = வ   60 = ல   6u = வ   60T = ன்
```

வடிவத்தை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. எழுத்துப் பட்டியல்தான் தவறு. ம என்றால் LD, ப என்றால் LI, க என்றால் &. இந்தச் சேர்க்கைகளைப் பார்த்தாலே படத்தில் கோளாறு இல்லை, தமிழ் எழுத்து ஆங்கில மாடலிடம் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். படம் மோசம் என்றால் விளைவு வேறு மாதிரி இருக்கும்: எழுத்து விடுபடும், சொல் பாதியில் நிற்கும், ஒன்றுமே வராது.

தூரிகை | 5 பிப்ரவரி 2024, மதியம் 1:15

நான் பலகை எழுதும் தொழிலில் இருக்கிறேன், இப்போது ஃபிளெக்ஸும் போடுகிறேன். தமிழ்தான் முதலில் வரவேண்டும், அதுதான் சட்டம். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் விதிகள் 1948-இல் 15-வது விதி. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, மற்ற மொழி இரண்டு பங்கு என்று கணக்கு. கடைக்காரர் ஆங்கிலத்தைப் பெரிதாகப் போடச் சொன்னால் இதைச் சொல்லித்தான் தமிழைப் பெரிதாக்குவேன். நீங்கள் ஆங்கிலத்தை முதலில் போட்டது தவறு.

சும்மா வாசகன் | 5 பிப்ரவரி 2024, மதியம் 1:22

அண்ணே, அவர் பலகையில் போடவில்லை, கட்டளையில் போட்டிருக்கிறார்.

பலகைதேடி | 5 பிப்ரவரி 2024, மாலை 7:05

இருக்கட்டும், அவர் சொன்னது எனக்கு உதவும். ஐந்துக்கு மூன்று என்றால் எழுத்து உயரத்தை வைத்தே வரியைப் பிரிக்கலாமா? உயரமான வரி தமிழ், சின்ன வரி ஆங்கிலம் என்று?

தூரிகை | 5 பிப்ரவரி 2024, இரவு 8:30

நம்பாதீர்கள். விதி அப்படி. தெருவில் பாதிப் பேர் ஆங்கிலத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், மூலையில் தமிழ். இன்னொன்று, தமிழும் ஆங்கிலமும் ஒரே உயரமாகக் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றால் நாங்கள் ஒரே அளவில் எழுதமாட்டோம். இங்கிலீஷ் பெரிய எழுத்து மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரைக்கும் முட்டி நிற்கும். தமிழில் 'ப' எழுதினால் மேலே புள்ளிக்கும் மேல்விலங்குச் சுழிக்கும் இடம் விடணும், கீழே 'மு', 'ரூ' வால் இறங்கணும். அதனால் தமிழ் உடம்பைச் சின்னதாக வைத்து மேலும் கீழும் காலி விடுவோம். அளந்தீர்கள் என்றால் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

கூடல்நகர் | 5 பிப்ரவரி 2024, இரவு 9:10

தூரிகை அண்ணன் சொன்ன அந்தக் காலி இடத்தில்தான் பலகைதேடியின் புள்ளி காணாமல் போகிறது. நாளை காலை விரிவாக எழுதுகிறேன்.

கூடல்நகர் | 6 பிப்ரவரி 2024, காலை 6:35

முதலில் எழுத்துப் பிரிப்பு, அப்புறம் புள்ளி.

முழுப் படத்தையும் ஒரே ஓட்டத்தில் கொடுக்காதீர்கள். வரி வரியாக வெட்டுங்கள். வெட்டிய ஒவ்வொரு வரியிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த ஒரு மாடலிடம் மட்டும் கொடுங்கள். உங்கள் பலகைக்கு:

```
tesseract v1.png - -l tam --psm 7
tesseract v2.png - -l eng --psm 7
tesseract v3.png - -l script/Tamil --psm 7
```

`--psm 7` என்றால் 'இது ஒற்றை வரி, பக்க அமைப்பைத் தேடாதே' என்று பொருள். மூன்றாவது வரிக்கு வேறு கோப்பு கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். `tam` என்பது மொழிக் கோப்பு. `script/Tamil` என்பது எழுத்துக் கோப்பு. அதற்குத் தமிழ் எழுத்தோடு ஆங்கிலமும் சேர்த்தே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரே மாடல், ஒரே எழுத்துப் பட்டியல், ஒரே அளவுகோல். 'கலர்' என்பதையும் 'A4' என்பதையும் ஒரே ஆள் பார்க்கிறார், அதனால் இரண்டு பேரின் மதிப்பெண்ணை ஒப்பிடும் தொல்லை இல்லை. கலந்த வரிக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். தனி ஆங்கில வரிக்கு `eng` கோப்புதான் இன்னும் நன்றாக வருகிறது.

நடு வரி நீலத்தில் வெள்ளை. எழுத்து கறுப்பாகவும் பின்னணி வெளுப்பாகவும் இருக்கும்படி அதைத் தலைகீழாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். வரியாக வெட்டியபின் இது சுலபம். முழுப் படத்தில் செய்தால் மேல் வரி கெட்டுவிடும்.

சும்மா வாசகன் | 6 பிப்ரவரி 2024, காலை 8:02

எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கவே `--psm 0` இருக்கிறதே. அதுவே சொல்லிவிடும், கையால் பார்க்கவேண்டாம்.

கூடல்நகர் | 6 பிப்ரவரி 2024, காலை 8:40

அது புத்தகப் பக்கத்துக்கு. படம் முழுவதுக்கும் ஒரே ஒரு எழுத்தைத்தான் சொல்லும். இரண்டும் இருக்கும் பலகைக்கு அந்தப் பதிலால் பயனில்லை. வரியாக வெட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் இதுதான் வரும்:

```
Too few characters. Skipping this page
```

குறைந்தது 50 எழுத்தாவது இருந்தால்தான் முயற்சியே செய்யும். அதுதான் இயல்பு அமைப்பு. எந்தக் கடைப் பலகை வரியில் 50 எழுத்து இருக்கிறது? அந்த எண்ணைக் குறைக்கலாம், ஆனால் பத்து எழுத்தை வைத்து அது சொல்வதை நான் நம்பமாட்டேன்.

பலகைதேடி | 6 பிப்ரவரி 2024, இரவு 10:48

வெட்டிப் பார்த்தேன்.

```
ஸ்ரீ வேலவன மொபைலஸ
SRI VELAVAN MOBILES
RECHARGE | XEROX எடுககபபடும | A4 கலர பிரிணட
```

எழுத்துக் குழப்பம் மொத்தமாகப் போய்விட்டது. ஆங்கில வரி, கலந்த வரியின் ஆங்கிலப் பகுதி, எல்லாம் சரி. ஆனால் புள்ளி? முன்பு சிலது போயிருந்தது, இப்போது அநேகமாக எல்லாமே போய்விட்டது. 'ஸ்ரீ' மட்டும் தப்பியிருக்கிறது.

சும்மா வாசகன் | 6 பிப்ரவரி 2024, இரவு 11:05

ஓரத்தில் வெள்ளை பார்டர் போடுங்கள். எழுத்து படத்தின் விளிம்பை ஒட்டி இருந்தால் டெசராக்ட் தடுமாறும்.

```
convert v1.png -bordercolor white -border 12 v1b.png
```

பலகைதேடி | 7 பிப்ரவரி 2024, காலை 7:15

போட்டேன். மாற்றம் இல்லை.

கூடல்நகர் | 7 பிப்ரவரி 2024, காலை 7:50

பார்டர் போடுவது நல்ல பழக்கம், விளிம்பை ஒட்டிய எழுத்துக்கு உதவும். ஆனால் இவருடைய புள்ளி வெட்டும்போதே போய்விட்டது. போன பிறகு சுற்றி வெள்ளை அடித்து என்ன பயன்? பலகைதேடி, எதை வைத்து வெட்டினீர்கள்?

பலகைதேடி | 7 பிப்ரவரி 2024, காலை 8:20

கையால் வெட்டவில்லை. எழுத்து இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கிராஃப்ட் டிடெக்டரை ஓட்டி, அது கொடுத்த பெட்டிகளை அப்படியே எடுத்தேன். இப்போது v1.png-ஐப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். 'ன்' மேல் இருக்கவேண்டிய புள்ளியின் இடத்தில் படம் முடிகிறது. சில இடங்களில் புள்ளியின் அடிப்பாதி ஒரு கீற்றாகத் தெரிகிறது. மூன்றாவது வரியில் 'பி' மேல் உள்ள விலங்கும் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறது, ஆனாலும் அதைச் சரியாகப் படித்துவிட்டது.

கூடல்நகர் | 7 பிப்ரவரி 2024, காலை 9:05

அதேதான். அந்த டிடெக்டர் எழுத்தின் நடுப்பகுதியைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றிப் பெட்டி போடுகிறது. லத்தீன் எழுத்துக்கு அது போதும், உடம்பு முழுவதும் நடுவில்தான் இருக்கிறது. நம் எழுத்தில் உடம்புக்கு மேலே ஒட்டாமல் தனியாக ஒரு புள்ளி நிற்கிறது. அந்தப் புள்ளி தன்னளவில் எழுத்து மாதிரி தெரிவதில்லை, அதனால் பெட்டிக்கு வெளியே போய்விடுகிறது. 'ி' என்ற மேல்விலங்கு உடம்போடு ஒட்டியிருப்பதால் பாதியாவது உள்ளே வரும். 'ஸ்ரீ' தப்பியதும் இதனால்தான், அந்தக் கூட்டெழுத்தில் புள்ளி தனியாக நிற்பதே இல்லை.

கலந்த வரியில் இது இன்னும் மோசம். வரியில் பாதி ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருந்தால், பெட்டியின் மேல்கோடு அதன் உச்சியோடு நின்றுவிடும். தமிழுக்கு வேண்டிய இடம் அதற்கு மேலே இருக்கிறது. நேற்று முன்தினம் தூரிகை அண்ணன் சொன்ன அதே காலி இடம்.

பெட்டியின் உயரத்தை அளந்து, அதில் கால் பங்கு மேலேயும் ஆறில் ஒரு பங்கு கீழேயும் கூட்டி, மூலப் படத்திலிருந்து மறுபடி வெட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் போதும். அதற்கு மேல் கூட்டினால் பக்கத்து வரி உள்ளே வந்துவிடும். பலகை சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் முதலில் நிமிர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு முனையில் புள்ளி இருக்கும், மறுமுனையில் இருக்காது.

பலகைதேடி | 7 பிப்ரவரி 2024, இரவு 9:30

```
ஸ்ரீ வேலவன் மொபைல்ஸ்
SRI VELAVAN MOBILES
RECHARGE | XEROX எடுக்கப்படும் | A4 கலர் பிரிண்ட்
```

மூன்று வரியும் முழுசாக வந்துவிட்டன. மாடலைத் தொடவே இல்லை.

இது ஒரு படம். என்னிடம் இருப்பது நூற்றுக்கணக்கில். எங்கள் ஊர் பஜாரில் கையால் எழுதிய பலகைகள் ஒவ்வொன்றாக ஃபிளெக்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. போவதற்குள் எழுத்தாகப் பதிவு செய்துவைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். ஒவ்வொரு வரியையும் நானே பார்த்து 'இது தமிழ், இது கலப்பு' என்று பிரிப்பது நடக்காது. மதிப்பெண்ணையும் நம்பக்கூடாது என்கிறீர்கள். அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது?

சும்மா வாசகன் | 7 பிப்ரவரி 2024, இரவு 9:52

போனில் லென்ஸை நீட்டினால் இரண்டும் ஒன்றாக வந்துவிடுகிறது. இவ்வளவு கஷ்டம் எதற்கு?

பலகைதேடி | 7 பிப்ரவரி 2024, இரவு 10:10

ஒரு பலகைக்கு அதுதான் சுலபம், நானும் செய்கிறேன். எனக்கு ஒவ்வொரு வரியும் படத்தில் எங்கே இருக்கிறது என்ற இடக்குறிப்பும் கோப்பாக வேண்டும். ஐந்து வருடம் கழித்து இதே படங்களை மறுபடி ஓட்டினால் என்ன மாறியது என்று பார்க்கவும் வேண்டும்.

கூடல்நகர் | 8 பிப்ரவரி 2024, காலை 6:45

பதில் எழுத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் `tam`, `eng`, `script/Tamil` மூன்றிலும் ஓட்டுங்கள். வந்த மூன்று விடைகளில் எது எழுத்து முறைக்கு முரணானது என்று பாருங்கள். தமிழுக்கு இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் தமிழில் நடக்கவே முடியாத சேர்க்கைகள் சில உண்டு. கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும், ஒருங்குறியில் சேமிக்கும் வரிசையில் ஒரு சொல் துணைக்காலிலோ கொம்பிலோ புள்ளியிலோ தொடங்க முடியாது. புள்ளிக்குப் பின்னால் உயிர்க்குறி ஒட்ட முடியாது. ஆங்கில வரியைத் தமிழ் மாடல் படிக்கும்போது இப்படிப்பட்டவைதான் அடிக்கடி வரும். தமிழை ஆங்கில மாடல் படித்தால் சொல்லுக்கு நடுவில் எண் வரும்.

```python
import re
def sandegam(sol):
    a = re.match(r'[\u0BBE-\u0BCD]', sol)
    b = re.search(r'\u0BCD[\u0BBE-\u0BCD]', sol)
    c = re.search(r'[A-Za-z]\d+[A-Za-z]', sol)
    d = (re.search(r'[\u0B80-\u0BFF]', sol)
         and re.search(r'[A-Za-z]', sol))
    return bool(a or b or c or d)
```

கடைசிச் சோதனை, ஒரே சொல்லுக்குள் இரண்டு எழுத்தும் இருந்தால் பிடிக்கும். மூன்று விடைகளில் சந்தேகச் சொல் இல்லாத விடையை எடுங்கள். எல்லாவற்றிலும் இருந்தால் அந்த வரியை மட்டும் கண்ணால் பாருங்கள். என் அனுபவத்தில் கண்ணுக்கு வரும் வரிகள் பெரிதும் குறைந்துவிடும்.

பலகைதேடி | 9 பிப்ரவரி 2024, இரவு 11:20

ஓட்டினேன். நன்றாகப் பிரிக்கிறது. இரண்டு இடத்தில் மாட்டுகிறது.

ஒன்று, `581` மாதிரி முழுச் சொல்லும் எண்ணாகிவிட்டால் இந்தச் சோதனைக்குத் தெரிவதில்லை. போன் நம்பரும் முழு எண்தான். இப்போதைக்கு, `tam` எண் என்றும் `eng` எழுத்து என்றும் சொல்லும் சொற்களைத் தனியாக எடுத்துவைக்கிறேன்.

இரண்டு, உண்மையாகவே ஒட்டி எழுதிய பலகைகள். சைக்கிள் கடை ஒன்றில் 'Hero-வின் உதிரிபாகங்கள்' என்று இருக்கிறது. அது சரியான பதிவு, ஆனால் சந்தேகப் பட்டியலுக்குப் போகிறது.

கூடல்நகர் | 10 பிப்ரவரி 2024, காலை 7:00

இரண்டாவதற்குப் பிரிகுறியில் சொல்லை உடைத்துவிட்டுச் சோதியுங்கள். பிரிகுறி இல்லாமல் ஒட்டியிருந்தால் கண்தான்.

வடமராட்சி | 10 பிப்ரவரி 2024, மாலை 4:40

எங்கட பக்கம் மூன்று மொழிப் பலகைகள். அரச அலுவலகப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும், பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனி வரியில். நான் `sin+tam+eng` கொடுத்துப் பார்த்தனான். ஆங்கிலம் சரி. சிங்களமும் தமிழும் ஒன்றுக்கொன்று மாறி வந்தது, கூடல்நகர் சொன்ன மாதிரி ஒரு வரி ஜெயித்தால் அடுத்த வரியையும் அது இழுத்துக்கொண்டு போகுது. வரி வரியாக வெட்டினால் எனக்கு முழுதாகச் சரிவரும் எண்டு நினைக்கிறன், ஏனென்றால் எங்கட பலகைகளில் ஒரு வரிக்குள் கலப்பது குறைவு. கடைப் பலகைகள் வேற கதை.

கூடல்நகர் | 10 பிப்ரவரி 2024, மாலை 6:15

சரிவரும். சிங்களத்துக்கும் மேலே கீழே இடம் வேண்டும், பெட்டியை அதே மாதிரி அகலப்படுத்துங்கள்.

நூலகமேசை | 11 பிப்ரவரி 2024, காலை 11:30

வந்த எழுத்தை எப்படிச் சேமிக்கிறீர்கள் என்று யாரும் பேசவில்லை. நான் பழைய விளம்பரத் தாள்களைப் பதிவு செய்கிறேன். அங்கே எனக்கு வந்த தொல்லை: 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிதான் வருகிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் அந்த எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்.

```
U+0BB8 U+0BCD U+0BB0 U+0BC0
U+0BB6 U+0BCD U+0BB0 U+0BC0
```

முதலாவது ஸ-வில் தொடங்குகிறது, இரண்டாவது ஶ-வில். ஓசிஆர் ஒன்றைக் கொடுக்கும், கையால் திருத்துபவரின் விசைப்பலகை இன்னொன்றைக் கொடுக்கும். ஒருங்குறியின் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மாற்றவேண்டும். கடைப் பெயர்களில் 'ஸ்ரீ' எவ்வளவு வரும் என்று சொல்லவேண்டியதில்லை.

கூடவே தமிழ் எண் ௧. அச்சு அசலாக 'க' மாதிரி. ௨ 'உ' மாதிரி. பலகையில் தமிழ் எண் இல்லை என்று தெரிந்தால் அவற்றைத் தடைசெய்துவிடலாம், 4.1 பதிப்பிலிருந்து இது வேலை செய்கிறது:

```
-c tessedit_char_blacklist=௦௧௨௩௪௫௬௭௮௯
```

பலகைதேடி | 11 பிப்ரவரி 2024, இரவு 8:00

'ஸ்ரீ'யை உடனே தேடிப் பார்த்தேன். என் கோப்பிலும் இரண்டு விதமும் இருக்கின்றன. ஸ-வில் தொடங்குவதையே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட்டேன்.

பதிவு செய்யும்போது ஒவ்வொரு வரிக்கும் எழுத்து என்ன என்று ஒரு குறி போடுகிறேன்: தமிழ், லத்தீன், கலப்பு. ஆங்கில வரியைத் தமிழில் மாற்றி எழுதுவதில்லை, தமிழை ஆங்கிலத்தில் எழுதுவதும் இல்லை. பலகையில் எப்படியோ அப்படி.

நூலகமேசை | 11 பிப்ரவரி 2024, இரவு 8:45

எழுத்து மட்டும் போதாது, மொழியையும் குறிக்கவேண்டும். 'மொபைல்ஸ்', 'கலர் பிரிண்ட்' இரண்டும் தமிழ் எழுத்து, ஆனால் ஆங்கிலச் சொல். நாளை ஒருவர் 'இந்தத் தெருவில் எவ்வளவு தமிழ் இருந்தது' என்று கேட்டால் உங்கள் பதிவு தவறான பதிலைக் கொடுக்கும்.

பலகைதேடி | 11 பிப்ரவரி 2024, இரவு 9:20

அது ஆய்வு செய்பவரின் வேலை என்று நினைக்கிறேன். படத்தில் கண்ணுக்குத் தெரிவது எழுத்து. எந்த மொழி என்பது ஒருவருடைய முடிவு. 'கலர்' என்று என் பாட்டியும் சொல்வார், அதை ஆங்கிலம் என்று நான் குறிக்கமாட்டேன். எழுத்தைக் குறித்துவைத்தால் மொழியைப் பிறகு யாரும் சேர்க்கலாம்.

நூலகமேசை | 11 பிப்ரவரி 2024, இரவு 9:41

பிறகு யாரும் சேர்ப்பதில்லை. பல தொகுப்புகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கூடல்நகர் | 12 பிப்ரவரி 2024, காலை 6:30

இதில் எனக்கும் முடிவான கருத்து இல்லை. ஓசிஆர் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்லலாம். தமிழில் எழுதிய ஆங்கிலச் சொற்களில்தான் `tam` அகராதி குறுக்கிடுகிறது. 'மொபைல்ஸ்', 'ஜெராக்ஸ்' மாதிரிச் சொற்கள் அதன் சொற்பட்டியலில் இல்லாவிட்டால், பட்டியலில் உள்ள வேறு சொல்லின் பக்கம் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. பலகை என்றால் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள், அதனால் நான் அகராதியை அணைத்துவிட்டே ஓட்டுகிறேன்:

```
-c load_system_dawg=0 -c load_freq_dawg=0
```

இன்னொன்று. பிழை விகிதத்தைக் கணக்கிட்டால் இரண்டு எழுத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். மொத்தமாகப் போட்டால் ஆங்கில வரிகள் நன்றாக வந்து தமிழின் நிலையை மறைத்துவிடும். 'க்' என்பது ஒருங்குறியில் இரண்டு குறிகள், நமக்கு ஓர் எழுத்து. புள்ளி போனால் குறிக் கணக்கில் பாதிப் பிழை, எழுத்துக் கணக்கில் முழுப் பிழை. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விழுக்காடு போடாதீர்கள்.

பலகைதேடி | 18 பிப்ரவரி 2024, இரவு 9:55

பழைய பலகைகளுக்கு வந்துவிட்டேன். ஒரு மளிகைக் கடை, தகரத்தில் எழுதியது. ஆங்கில வரி பெயின்ட் உரிந்திருந்தும் சரியாக வருகிறது. தமிழ் வரியில் 'லை', 'னை' வரும் இடமெல்லாம் தவறு. பெட்டியை அகலப்படுத்தியாகிவிட்டது, ஒற்றை மாடல்தான், அகராதியும் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தால் அவை இப்போதைய வடிவம் இல்லை. ஐகாரம் முன்னால் தனியாக நிற்கவில்லை, எழுத்தின் தலையிலேயே தும்பிக்கை மாதிரிச் சுருண்டிருக்கிறது.

தூரிகை | 19 பிப்ரவரி 2024, காலை 10:10

அது பழைய எழுத்து. 1978-இல் அரசு ஆணை வந்த பிறகுதான் அச்சில் மாறியது. பலகை எழுதுபவர்கள் அதற்கு அப்புறமும் ரொம்ப நாள் பழையதையே எழுதினோம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் கடைசி வரை 'லை' அப்படித்தான் போட்டார். இடம் மிச்சம், வரியும் அழகாக உட்காரும். 'றா', 'னா', 'ணா' எல்லாவற்றுக்கும் பழைய வடிவம் உண்டு, அவற்றையும் பாருங்கள்.

கூடல்நகர் | 19 பிப்ரவரி 2024, மாலை 7:20

இதற்கு வெட்டுவதும் பிரிப்பதும் உதவாது. மாடலின் பயிற்சிக்கான எழுத்துருக்களில் இந்த வடிவங்கள் கணிசமாக இருந்திருந்தால்தான் படிக்கும். பழைய வடிவம் உள்ள வரிப் படங்களையும் சரியான எழுத்தையும் ஜோடியாகச் சேர்த்து, `tam` மாடலை மேற்பயிற்சி செய்வதுதான் வழி. எத்தனை வரி சேர்த்திருக்கிறீர்கள்?

பலகைதேடி | 19 பிப்ரவரி 2024, இரவு 8:05

பழைய வடிவம் உள்ளவை இன்னும் போதவில்லை. தூரிகை அண்ணே, உங்கள் பக்கம் இப்படிப்பட்ட பலகைகள் இருந்தால் நேராக நின்று, வெயில் முகத்தில் அடிக்காத நேரத்தில் படம் எடுத்து அனுப்ப முடியுமா? கலப்பு வரியாக இருந்தாலும் பரவாயில்லை.

தூரிகை | 20 பிப்ரவரி 2024, காலை 9:00

எங்கள் ஊரில் நான்கைந்து நிற்கின்றன. ஒன்று நான் எழுதியதே. அது இல்லாமல், பழைய வடிவத்தில் எல்லா எழுத்தையும் தகட்டில் எழுதித் தரட்டுமா?

கூடல்நகர் | 20 பிப்ரவரி 2024, காலை 9:35

தாருங்கள் அண்ணே, ஆனால் தனி எழுத்தாக வேண்டாம். முழு வரியாக, கடைப் பெயர் மாதிரியே எழுதுங்கள். சிலவற்றில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கட்டும். மாடல் வரியாகத்தான் பார்க்கப்போகிறது.